கேள்வி-பதில்: கிராஷ் விளையாட்டில் எந்த மடங்கில் பணம் எடுப்பது?

கேள்வி: 1.10 மடங்கில் பணத்தைத் தானாக எடுத்துவிடும் ஆட்டோ கேஷ் அவுட் வைத்து ஆடுகிறேன். பெரும்பாலும் ஜெயிக்கிறேன், ஆனாலும் இருப்பு குறைகிறது. எந்த மடங்கு சரி?

பதில்: எதுவும் சரியில்லை. கிராஷில் மடங்கு எண் 1.00-லிருந்து ஏறிக்கொண்டே போய்த் திடீரென வெடிக்கும். அதற்குள் எடுத்தால் போட்ட பணம் அந்த மடங்கில் கிடைக்கும், இல்லையென்றால் முழுவதும் போகும். போட்ட பணத்தில் 97 சதவீதம் திரும்பும் என்று அறிவித்துள்ள விளையாட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அமைப்பில், ஒரு சுற்று எந்த மடங்கைத் தொடும் வாய்ப்பும் 97-ஐ அந்த மடங்கால் வகுத்தால் வரும் சதவீதம்தான். 1.10-க்கு அது ஏறத்தாழ 88. சுற்றுக்கு 100 வீதம் 100 சுற்று ஆடினால், சுமார் 88 முறை பத்துப் பத்தாகச் சேரும், சுமார் 12 முறை முழு நூறும் போகும். தசமங்களையும் விடாமல் கணக்கிட்டால் சராசரியாக 300 நஷ்டம். சரி, 2 மடங்குக்கு மாறினால்? வாய்ப்பு 48.5 சதவீதம். வரவு 4,850, இழப்பு 5,150. அதே 300. மடங்கை மாற்றினால் தோல்வி எத்தனை முறை வரும் என்பதுதான் மாறும்.

கேள்வி: ஆட்டோ வேண்டாம், நான் பார்த்து நிறுத்துகிறேன். அனுபவம் உதவாதா?

பதில்: இந்த நம்பிக்கையை வைத்துத்தான் பணம் எடுக்கும் அந்தப் பொத்தானையே விற்கிறார்கள் என்பது என் நெடுநாள் கோபம். சுற்று எங்கே வெடிக்கும் என்பது எண் ஏறத் தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது. 100 போட்டு 1.80-ல் இருக்கிறீர்கள். இப்போது எடுத்தால் 180. 2 வரை போகும் வாய்ப்பு 90 சதவீதம், போனால் 200. அதன் சராசரியும் 180தான். எடுத்தாலும் காத்திருந்தாலும் மதிப்பு ஒன்றே, ஆகவே விரலின் திறமைக்கு அங்கே வேலை இல்லை. விளையாட்டை நடத்துபவர்களுடைய பங்கு தொடக்கத்திலேயே, 1.00-ல் வெடிக்கும் அந்த 3 சதவீதச் சுற்றுகளில் எடுக்கப்பட்டுவிடுகிறது. நீங்கள் எடுத்த பிறகும் எண் ஏறுவதைக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று தோன்றும். தோன்றட்டும் என்றுதான் காட்டுகிறார்கள்.

கேள்வி: தொடர்ந்து நாலு சுற்று 1.20-க்குக் கீழே. அடுத்தது பெரிதாக வருமா?

பதில்: முந்தைய சுற்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பே இல்லை. பணம் போடும் முன் விதிகள் பக்கத்தையாவது படியுங்கள்.

கேள்வி: வெடிக்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லும் செயலிக்குப் பணம் கட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை, விற்றவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பதில்: உங்கள் மேல் தவறில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பங்குக் கணிப்பு மென்பொருள் ஒன்றுக்கு நானும் சந்தா கட்டினேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சுற்றின் முடிவைத் தீர்மானிக்கும் ரகசியக் குறியீட்டுக்கு விதை என்று பெயர். சுற்றுக்கு முன் வெளியிடப்படுவது அதிலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற ஹாஷ் மட்டுமே. அதிலிருந்து விதையைக் கண்டுபிடிக்க நடைமுறையில் வழியில்லை, எனவே எந்தச் செயலியாலும் முடிவைச் சொல்ல முடியாது. உரையாடல், ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வங்கியில் இன்றே புகார் கொடுங்கள். அப்புறம் செயலியை நீக்கி, அதில் கொடுத்த கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் மாற்றுங்கள்.

கேள்வி: முடிவு நேர்மையானதா என்று நாமே சரிபார்க்கலாமாமே?

பதில்: முடிவை இடையில் மாற்றவில்லை என்பதைச் சரிபார்க்கலாம். மேலே சொன்ன 300 நஷ்டம் அந்த நேர்மையான கணக்கில்தான் வருகிறது.