விருந்தினருக்கு அனுப்ப ஒரு பதிவு மின்னஞ்சல்

"என் பாட்காஸ்டில் பேச வருபவர் வீட்டிலிருந்து லேப்டாப்பில் இணைகிறார். அவர் குரலை அவரே தெளிவாகப் பதிவுசெய்ய மின்னஞ்சலில் என்ன எழுதுவது?"

மைக் வாங்கச் சொல்லாதீர்கள், அவருடைய போனே போதும். இணையம் திணறினால் அழைப்பில்தான் குரல் உடையும், போனில் பதிவாவது உடையாது. நான் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். லேப்டாப்பில் இயர்போன் மாட்டிக்கொண்டு என்னிடம் பேசுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் என் குரலும் உங்கள் பதிவில் கலந்துவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, குரல் பதிவுச் செயலியைத் திறந்து, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இருவரும் பதிவைத் தொடங்கியதும் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள்.

முந்தைய நாளே அதே இடத்தில் அரை நிமிடம் பேசி, அந்தக் கோப்பை எனக்கு அனுப்புங்கள்."

கைதட்டல் எதற்கென்றால், நீங்கள் அழைப்பில் வரும் அவர் குரலையும் சேர்த்துப் பதிவுசெய்தால் அது உங்கள் பதிவிலும் கேட்கும். இரண்டு பதிவின் அலைவடிவத்திலும் கைதட்டல் கூர்முனையாகத் தெரியும், அவற்றை நேராக வைத்தால் உரையாடல் பொருந்திவிடும். நீண்ட பேச்சில் கடைசிப் பகுதி கொஞ்சம் விலகலாம், அங்கே மட்டும் நகர்த்திக்கொள்ளுங்கள்.

சோதனைக் கோப்பை ஹெட்போனில் கேளுங்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் சுவர் எதிரொலிக்கிறது. மெத்தை, திரைச்சீலை உள்ள அறைக்கு மாறச் சொல்லுங்கள். இதை எடிட்டிங்கில் சரிசெய்வது கடினம். 'ப' வரும்போதெல்லாம் 'டப்' என்று இடித்தால் மூச்சு நேராக மைக்கில் படுகிறது, போனை இன்னும் ஓரமாகத் தள்ளினால் சரி.