இரண்டாவது இன்வாய்ஸில் இருக்கும் உங்கள் கையெழுத்து

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் ஓசூர், பெங்களூரு ஜிகனியில் கிரானைட் ஏற்றுமதி செய்கிறேன். சீனாவின் ஷியாமென் நகர வாடிக்கையாளருக்குச் சென்னைத் துறைமுகம் வழியாக ஏழு பிளாக்குகள் அனுப்பினேன். பேசிய விலை 28,000 டாலர். அங்கே வரி குறையும் என்று அவர் கேட்டதால், அதே எண்ணில் 16,800 டாலருக்கு இன்னொரு இன்வாய்ஸும் வீசாட்டில் அனுப்பினேன். கீழே ‘சுங்கப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தேன். இப்போது 16,800 மட்டும் கட்டிவிட்டுக் கணக்கு முடிந்தது என்கிறார். என் வீட்டில் சாப்பிட்டு, அண்ணன் தம்பியாகப் பழகியவர். சீனச் சுங்கத்துறைக்குப் புகார் எழுதி அவரை மாட்டிவிடலாமா? மீதிப் பணத்துக்கு இங்கே வழக்குப் போடலாமா? வங்கி வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பதில்: புகார் எழுதாதீர்கள். இன்று இரவு கோபத்தில் எழுதி அனுப்பிவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

அவர் எப்படிப் பழகினார் என்பது எந்த மன்றத்திலும் எடுபடாது. ஒரே எண், ஒரே தேதி, ஒரே கையெழுத்து, ஒரே பேக்கிங் லிஸ்ட், ஆனால் கன மீட்டருக்கு ஒன்றில் 500 டாலர், மற்றொன்றில் 300 டாலர் என்று இரண்டு இன்வாய்ஸ்கள் இருக்கின்றன என்பதுதான் இந்த வழக்கில் பார்க்கப்படும் ஒரே விஷயம். ‘சுங்கப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வரி உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்கிறீர்கள். விலையில்லாத மாதிரிப் பொருளுடன் போகும் தாளில் அந்த வரி இயல்பானது. விற்ற சரக்கின் இன்வாய்ஸில், அதுவும் குறைத்த விலைக்குக் கீழே அது இருந்தால், இந்த விலை உண்மையானதல்ல என்பது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சீனக் குற்றவியல் சட்டத்தின் 156-ஆம் பிரிவு, கடத்தல் குற்றம் செய்பவருடன் கூடிப்பேசி அவருக்கு இன்வாய்ஸ் கொடுப்பவரையும் அந்தக் குற்றத்தின் கூட்டாளியாகவே நடத்துகிறது. விலையைக் குறைத்துக் காட்டி வரி ஏய்ப்பதும் அங்கே கடத்தல்தான். இந்த ஒரு லோடில் 11,200 டாலர் வித்தியாசத்துக்கு 13 சதவீத இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி மட்டும் பார்த்தால் சுமார் 1,456 டாலர்தான் ஏய்க்கப்பட்டிருக்கும். ஆனால் முந்தைய லோடுகளுக்கும் இப்படிக் கொடுத்திருந்தால் தொகைகள் கூட்டப்படும். புகார்க் கடிதத்தில் நீங்கள் இணைக்கப்போகும் முதல் ஆவணமே உங்களுக்கு எதிரான சாட்சி.

வழக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீசாட் ஆர்டரைத் தவிர வேறு ஒப்பந்தம் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. அதில் நடுவர் மன்ற ஷரத்து இருக்க வாய்ப்பில்லை. இருந்திருந்தால், வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்க நாடுகள் ஒப்புக்கொண்ட நியூயார்க் உடன்படிக்கையின்படி, நடுவர் தீர்ப்பைச் சீனாவில் நிறைவேற்ற ஒரு வழி இருந்திருக்கும். பெங்களூரு நீதிமன்றத்தின் தீர்ப்பை அங்கே நிறைவேற்ற அப்படி ஒரு உடன்படிக்கை இல்லை. எங்கே வழக்குத் தொடுத்தாலும், 300 டாலர்தான் பின்னர் பேசி மாற்றிய விலை என்று அவர் உங்கள் கையெழுத்தையே காட்டுவார்; அது பொய் என்று நிரூபிக்க, வரி ஏய்ப்புக்காக நானே கொடுத்தேன் என்று நீங்கள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொண்டது இதற்கு அடுத்த படியில்தான் என்பதால், இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஏற்றுமதிக்காக இந்தியச் சுங்கத்தில் நீங்கள் தாக்கல் செய்த ஷிப்பிங் பில்லில் எஃப்.ஓ.பி. மதிப்பு, அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை, 28,000 என்று இருக்கிறது, வந்தது 16,800. மீதி வராதவரை வங்கியின் கணினியில் அந்த ஏற்றுமதி திறந்த கணக்காகவே நிற்கும். தொல்லை தாங்காமல், சரியான விலை 16,800தான், முதல் இன்வாய்ஸில் தட்டச்சுப் பிழை என்று இரண்டாவது தாளை வங்கியில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தத் தாளைக் கொடுத்த கணத்தில், ஷிப்பிங் பில்லில் நீங்கள் உறுதிமொழி கொடுத்த மதிப்பு பொய் என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அதுவரை சீனத் தரப்பில் மட்டும் இருந்த பிரச்சினை, மதிப்பை உயர்த்திக் காட்டிய ஏற்றுமதி என்று இந்தியச் சுங்கச் சட்டத்தின் 113(ஐ) பிரிவுக்குள் வந்துவிடும். 114-ஆம் பிரிவின்படி சரக்கின் மதிப்பு வரை அபராதம் விதிக்கலாம். தெரிந்தே பொய் ஆவணம் பயன்படுத்தினால் 114-ஏஏ பிரிவு ஐந்து மடங்கு வரை போகிறது. அந்த மதிப்பில், ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரப்படும் வரியான டிராபேக் அல்லது ஜி.எஸ்.டி. ரீஃபண்டு வாங்கியிருந்தால் அதையும் தோண்டுவார்கள். எனவே இரண்டாவது தாள் இந்தியாவில் எந்த மேசையிலும் உண்மை விலையாக வைக்கப்படக் கூடாது. யாராவது நேராகக் கேட்டால் மறைக்கவும் கூடாது. வாயைத் திறப்பதற்கு முன் வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியவர் ஏமாற்றுகிறார் என்கிறீர்கள், இருக்கலாம். ஆனால் அவர் கொடுக்க நினைத்தாலும் எளிதில் கொடுக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். சீன வங்கி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது சுங்க அறிவிப்புப் படிவம், இன்வாய்ஸ் போன்ற ஆவணங்களைக் கேட்டுச் சரிபார்க்கலாம். 16,800 என்று அறிவித்த சரக்குக்கு 28,000 அனுப்ப அவரிடம் தாள் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட மீதித் தொகை பெரும்பாலும் ஹாங்காங்கில் பெயர் தெரியாத ஒரு கம்பெனியிடமிருந்து வருகிறது. நீங்கள், வாங்கியவர், பணம் அனுப்புபவர் மூவரும் முன்கூட்டியே செய்துகொண்ட முத்தரப்பு ஏற்பாடு இல்லாமல் அப்படி வந்த பணத்தை உங்கள் வங்கி இந்த ஷிப்பிங் பில்லுக்கு ஏற்றுக்கொள்ளாமல் நிறுத்திவைக்கக்கூடும்.

ஆகவே சமரசம் செய்யுங்கள், முழுத் தொகைக்கு அடம்பிடிக்காதீர்கள். 500 டாலர்தான் பேசிய விலை, மற்ற தாள் ஒப்பந்த விலையைக் காட்டவில்லை, அது திரும்பப் பெறப்படுகிறது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். தவறாக அறிவித்ததை இறக்குமதியாளரே முன்வந்து சொல்லித் திருத்திக்கொள்ள சீனச் சுங்கத்தில் வழி இருக்கிறது. அப்படித் திருத்தி வரியைக் கட்டினால்தான் மீதியை நேர்வழியில் அனுப்ப அவரிடம் தாள் இருக்கும். அந்தச் செலவை ஈடுகட்ட நீங்கள் ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள். விட்டுக்கொடுத்த தொகைக்கு, உண்மைக் காரணத்தைச் சொல்லி, அதற்கு உரிய சலுகையைத் திருப்பிக் கட்டி, வங்கியிடம் மதிப்புக் குறைப்பு கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டத்தின் 13-ஆம் பிரிவில் மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு.

‘கல் தொழிலில் எல்லாரும் இரண்டு அளவு எழுதுகிறோமே’ என்று இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். இரண்டு அளவு வேறு, இரண்டு விலை வேறு. ஒரு பிளாக்கின் மொத்த அளவு 3.00 × 1.80 × 1.70 மீட்டர் என்றால் 9.18 கன மீட்டர். சேதாரம் கழித்து 2.90 × 1.75 × 1.65 என்று 8.37 கன மீட்டருக்கு விலை போடலாம். பேக்கிங் லிஸ்டில் பிளாக் எண்ணுக்கு நேராக இரண்டு அளவையும் எழுதி, எதற்கு விலை என்று இன்வாய்ஸில் சொல்லிவிட்டால் தவறே இல்லை. எடையை மட்டும் கழித்த அளவிலிருந்து கணக்கிட்டு எழுதாதீர்கள்: கன மீட்டருக்கு 2.7 டன் வைத்தால் அது 22.6 டன் காட்டும், கல்லோ 24.8 டன்னுக்கு அருகில் இருக்கும்; ஷியாமென் எடைமேடையில் அந்த இரண்டு டன் வெளிப்படும்போது மற்றத் தாள்களையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

அவரோடு இனி எதையும் வீசாட்டில் பேசாதீர்கள், பழைய உரையாடலை அழிக்கவும் செய்யாதீர்கள். முந்தைய லோடுகளுக்கு அனுப்பிய தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வங்கிக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே சுங்க வழக்குகள் நடத்தும் ஒருவரைப் பாருங்கள்.