சர்க்கரை முகாம் வேண்டாம், பாதத்தைப் பாருங்கள்

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்துச் சொந்த ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். நோயாளிகளைப் பார்த்து அனுப்புவதோடு முகாம், சுகாதாரப் பேச்சு என்று ஏதாவது செய்ய ஆசை. இலவசச் சர்க்கரை முகாமில் தொடங்கலாமா, டாக்டர்?

முகாமைத் தள்ளிவையுங்கள், தம்பி. இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவரின் விரலில் குத்தி 170 என்று எழுதிக் கொடுத்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெறும் வயிற்றில் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, அது 126-ஐத் தொடுகிறதா என்று பார்த்தாக வேண்டும். முகாமுக்கு வந்த கூட்டத்தில் பலர் அதற்குத் திரும்ப வரமாட்டார்கள். உங்களிடம் ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்களில் பலரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் பாதத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாதம் ஒரு காலை, பத்துப் பேர் போதும். அந்த எண்ணிக்கைக்குக் காரணம் மோனோஃபிலமென்ட். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு போய்விட்டதா என்று தொட்டுப் பார்க்க உதவும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை அது. பத்துப் பேருக்கு மேல் தொட்டால் தளர்ந்துவிடும். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால்தான் மறுபடி நம்பலாம்.

முதலில் இழையை நோயாளியின் கையில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலின் அடியிலும், பெருவிரல், சுண்டுவிரல் இரண்டுக்கும் கீழே பாதம் தடிக்கும் இடங்களிலும் செங்குத்தாக வைத்து, இழை வளையும்வரை ஓரிரு விநாடி அழுத்துங்கள். காய்ப்பு உள்ள இடத்தில் வைக்காதீர்கள். அங்கே நல்ல நரம்பு உள்ளவருக்கும் தெரியாது. இடையில் ஒருமுறை தொடாமலே “தொடுகிறேனா?” என்று கேளுங்கள். மரியாதைக்காக “ஆமாம் சார்” என்பவர்கள் நம் ஊரில் அதிகம்! கடைசியாக விரலிடுக்குகளையும், மேற்பாதத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் உள்ள நாடியையும் பாருங்கள்.

ஐம்பத்து நான்கு வயது மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு வலது பெருவிரலில் தொடுவது தெரியவில்லை, நாடி நன்றாக இருக்கிறது, பழைய புண்ணும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சரியாக உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். இவரை ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லுங்கள். மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுங்கள். நாடியும் பலவீனமாக இருந்தால் மூன்று மாதத்தில் வர வேண்டும், ரத்தக்குழாய் நிபுணரையும் பார்க்க வேண்டும். பாதத்தில் புண் வந்து ஆறியவர் என்றால் இன்னும் அடிக்கடி. அடுத்த தேதியை நோட்டில் எழுதி, வராதவரைத் தொலைபேசியில் கூப்பிட ஆள் வேண்டும். அது இல்லையென்றால் இந்த ஏற்பாட்டையே தொடங்காதீர்கள்.

சுகாதாரப் பேச்சுக்குத் தனி மண்டபம் வேண்டாம். காத்திருக்கும் பத்துப் பேரிடம் பதினைந்து நிமிடம் பேசுங்கள். செருப்புக்குள் கையை விட்டுத் துழாவி ஆணி, கல் இருக்கிறதா என்று பார்க்கும் விதத்தைச் செய்து காட்டுங்கள். உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதால் வரும் கொப்புளத்தைச் சொல்லுங்கள்; உணர்வு போன பாதத்துக்குச் சூடு தெரியாது.

கட்டணத்தை முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுங்கள். “எங்களிடம் அனுப்புங்கள், பங்கு தருகிறோம்” என்று ஆய்வகமோ செருப்புக் கடையோ வந்தால் வாங்கக் கூடாது. மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் அதைத் தடை செய்கின்றன.