எழுத்தோரமெல்லாம் சிவப்பு

கேள்வி: தளத்தில் ஒரு பட்டனின் நிறத்தைத்தான் மாற்றினேன். பழைய, புதிய ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒப்பிட்டால், வித்தியாசத்தைக் காட்டும் சிவப்பு பக்கம் முழுக்க. ஏன்?

சிவப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகளின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக விழுந்திருந்தால், இரண்டு படங்களும் வேறு வேறு கணினியில் எடுத்தவையாக இருக்கும். வெள்ளவத்தைப் புடவைக் கடை ஒன்றின் தளத்தில் எனக்கும் இதே கதைதான்: பழைய படம் என் விண்டோஸ் லாப்டாப்பில், புதியது லினக்ஸ் சேவரில். இரண்டும் எழுத்தோரத்தை வேறு விதமாக மென்மையாக்கும். ‘ஞ’, ‘ணு’ வளைவுகளில் அப்பட்டமாகத் தெரியும்.

சரி, படங்களை ஒப்பிடும் `pixelmatch`-இல், எவ்வளவு நிற வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் `threshold`-ஐ 0.1-இலிருந்து 0.5 ஆக்கினால்? சிவப்பு மறையும், பட்டனின் நீலம் சற்று அடர்ந்ததும் கூடவே மறையும். அதற்குப் பதில், பழைய படத்தையும் புதியதை எடுத்த கணினியிலேயே திரும்ப எடுங்கள்.

எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தால் விஷயம் வேறு: மேலே ஏதோ ஒன்று உயரம் கூடி, கீழே உள்ளதையெல்லாம் தள்ளியிருக்கிறது.