ஹார்டாங்கர்: வெட்டும் முன் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதும், வெட்டுவதும்

கேள்வி: துணியின் இழைகளை வெட்டி எடுத்துச் செய்யும் ஹார்டாங்கர் எம்பிராய்டரியில் சதுர டிசைன் ஒன்றுக்கு க்ளோஸ்டர் பிளாக் எல்லாம் போட்டு முடித்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் எதிர்ப்பக்கத்தோடு ஓரிழை தள்ளி நிற்கிற மாதிரி இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது? எந்த இழையை, எந்த இடத்தில் வெட்டினால் துணி பிரிந்துபோகாது?

பதில்:

கத்தரியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஓரிழை தள்ளியிருக்கும் பிளாக்கைப் பிரித்துப் போட அரைமணி நேரம் ஆகும். வெட்டிய பிறகு அதே தவற்றைச் சரிசெய்ய ஒரு நாள் ஆகும், அப்போதும் தடம் தெரியும்.

குழப்பம் வராமல் இருக்க, துணியில் நெய்திருப்பதை ‘இழை’ என்றும் நாம் தைப்பதை ‘நூல்’ என்றும் சொல்கிறேன். ஹார்டாங்கர் துணியில் இழைகள் இரட்டை இரட்டையாக ஓடும். அந்த இரட்டையைத்தான் ஓர் இழை என்று எண்ண வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 22 வரும். இரட்டையில் ஒன்றை விட்டுவிட்டு ஊசி நடுவில் குத்தியிருந்தால், எண்ணிக்கை சரியாகத் தெரிந்தாலும் தையல் அரை இழை நகர்ந்திருக்கும். அதனால் முனை மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசியால் மட்டும் தையுங்கள். கூர் ஊசி இரட்டையைப் பிளந்துவிடும்.

ஒரு பிளாக் என்பது 5 சாட்டின் தையல். ஒவ்வொன்றும் 4 இழையைத் தாண்டும். ஐந்து தையலுக்கு நடுவே இருக்கும் இழைகளோ நான்குதான். ஐந்து விரலுக்கு நடுவே நான்கு இடைவெளி இருப்பது போல. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தையலை எண்ணும் இடத்தில் இழையை எண்ணி 6 தையல் போட்டுவிடுவார்கள். அல்லது அடுத்த பிளாக்குக்கு இடம் விடும்போது ‘நான்கு’ என்று ஓட்டைகளை எண்ணி, 5 இழை விட்டுவிடுவார்கள். சோதிக்க எளிய வழி உண்டு: ஒரு பிளாக்கின் ஐந்தாம் தையலுக்கும் அடுத்த பிளாக்கின் முதல் தையலுக்கும் நடுவே காலி ஓட்டை மூன்றுதான் இருக்க வேண்டும். நான்கு இருந்தால் அங்கே ஓரிழை கூடிவிட்டது.

பக்கத்துக்கு 3 பிளாக் உள்ள சதுரத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று பிளாக்குக்கு 12 இழை, நடுவில் இரண்டு இடைவெளிக்கு 8 இழை, ஆக உள்சதுரம் 20 இழை. 22 எண்ணிக்கைத் துணியில் ஏறக்குறைய 2.3 செ.மீ. மூலையில் மேல்பக்க பிளாக்கின் முதல் தையலும் இடப்பக்க பிளாக்கின் முதல் தையலும் உட்புறமாக ஒரே ஓட்டையில் சந்திக்க வேண்டும். நான்கு மூலையிலும் இப்படிச் சந்தித்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒரு மூலையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஓட்டையில் நின்றால், தவறு அந்த மூலையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு பக்கங்களில் எங்கோ இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் 5 தையல், 3 காலி ஓட்டை, 5 தையல், 3 காலி ஓட்டை, 5 தையல் என்று ஊசிமுனையால் தொட்டுக்கொண்டே போனால் மாட்டிக்கொள்ளும்.

மூலைகள் சேர்ந்தாலும் நடு பிளாக் தள்ளியிருக்கலாம். ஓர் இடைவெளி 5 இழை, அடுத்தது 3 இழை என்று ஆகிவிட்டால் கூட்டுத்தொகை 20 ஆகவே வரும். அதனால் எதிரெதிர் பிளாக்குகளை நேராக ஒப்பிட்டே ஆக வேண்டும். அடர்ந்த நிறத்தில் சாதாரண தையல் நூல் எடுங்கள். மேல் பிளாக்கின் முதல் தையல் உட்புறம் இறங்கும் ஓட்டையில் தொடங்கி, அதே ஓட்டைவரிசையைப் பிடித்துக்கொண்டு நான்கு இழைக்கு மேல், நான்கு இழைக்குக் கீழ் என்று ஓட்டுத்தையல் போட்டபடி கீழே வாருங்கள். கீழ் பிளாக்கின் முதல் தையல் நிற்கும் ஓட்டையில்தான் அது போய் முடிய வேண்டும். ஐந்தாம் தையலுக்கும் இதே போல ஒரு வரி. வரி பக்கத்து ஓட்டையில் போய் நின்றால், அந்த இரண்டு பிளாக்கில் ஒன்று தவறு. அந்த நிற நூலை வெட்டும் வரை எடுக்காதீர்கள். இரண்டு வரிக்கும் நடுவில் இருப்பதுதான் வெட்ட வேண்டிய நான்கு இழை என்று கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், வெட்டிய இழையின் நுனியைப் பிடித்துவைத்திருப்பது சாட்டின் தையலின் இறுக்கம் மட்டுமே. மேலே நான்கு இழையை வெட்டி இழுத்தால், அதே நான்கு இழை கீழேயும் ஒரு பிளாக்கில்தான் முடிய வேண்டும். கீழ் பிளாக் ஓரிழை நகர்ந்திருந்தால் நாலில் ஒன்று தையலுக்கு வெளியே விழும். அதை வெட்டினால் பிடிமானம் இல்லாமல் பிரியும். வெட்டாமல் விட்டால் குறுக்கே தொங்கும். எதிரெதிர் இரண்டு பக்கத்திலும் ஒரே இடத்தில் ஒரே தவறு நடந்திருந்தால் (இரண்டிலும் 5 இழை இடைவெளி என்று) துணி பிரியாது, வெட்டாமல் மிஞ்சும் இழைக்கற்றையான ‘பார்’ மட்டும் அங்கே ஓரிழை தடிமனாக இருக்கும். அவசரமாகக் கொடுக்க வேண்டிய பொருள் என்றால் விட்டுவிடலாம். உங்களுடையது ஒரு பக்கம் மட்டும் என்கிறீர்கள், அதைப் பிரித்தே ஆக வேண்டும்.

பிளாக்குக்கு 5 எண் பேர்ல் காட்டன் போடுங்கள். உள்ளே பார் நெய்ய 8 எண். பிளாக்கையும் 8 எண்ணில் போட்டால் அழகாக மெல்லியதாகத் தெரியும், ஆனால் தையல்களுக்கு நடுவே இடம் விழுந்து இழைநுனி நழுவும். துணியைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போன நூல் உள்சதுரத்தின் குறுக்கே கிடந்தால் கத்தரி அதையும் சேர்த்து வெட்டிவிடும். நூல் இடைவெளியைத் தாண்டுவது சதுரத்தின் வெளி ஓரமாக நடக்க வேண்டும்.

இனி எந்த இழையை வெட்டுவது. ஒரே விதிதான்: தையல் எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதே திசையில் ஓடும் இழையை, தையலின் உள்முனையில் வெட்டுங்கள். மேல்பக்க பிளாக்கில் தையல் மேலிருந்து கீழாக நிற்கிறது. அதன் கீழ்முனைகளிலிருந்து சதுரத்துக்குள் இறங்கும் நான்கு நிற்கும் இழைதான் வெட்டப்படுவது. அதே பிளாக்கின் பக்கவாட்டில், அதாவது முதல் தையலை ஒட்டியோ ஐந்தாம் தையலை ஒட்டியோ, கத்தரி போகவே கூடாது. அங்கே வெட்டுப்படுவது தையலுக்கு அடியில் குறுக்கே படுத்திருக்கும் இழை. அது போனால் பிளாக்கே துணியிலிருந்து கழன்றுவரும்.

பிளேடு மெல்லியதாக, நுனிவரை வெட்டும் கத்தரி வேண்டும். வேண்டாத துணியில் ஓர் இழையை நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். மென்று துப்பினால் அந்தக் கத்தரி வேண்டாம். பிளாக்கின் தையல்முனைகள் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி துணியைத் திருப்பிக்கொள்ளுங்கள், பிளேடு அவற்றை மறைக்கக் கூடாது. முதல் தையலின் உள்முனை ஓட்டையில் கீழ்பிளேடை இறக்கி, இரண்டு இழைக்கு அடியில் மட்டும் செலுத்தி, நுனியை மேலே கொண்டுவாருங்கள். பிளேடின் மேல் மெலிந்த இழைகள் மட்டும் இருக்கிறதா, பளபளப்பான பேர்ல் நூல் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள். நுனி வெளியே தெரியாமல் மூடவே வேண்டாம். பிறகு அடுத்த இரண்டு இழை. நான்கையும் ஒரே மூச்சில் வெட்டலாம், ஆனால் இரட்டை இழைத் துணியில் அது 8 புரி. தடித்த கற்றையில் கத்தரி வழுக்கித் தையல்மேல் ஏறும்.

மேல்பக்கம் மூன்று பிளாக், கீழ்ப்பக்கம் மூன்று பிளாக், இவ்வளவையும் வெட்டிவிட்டு நிறுத்துங்கள். குறுக்கிழைகளைத் தொடாதீர்கள். வெட்டிய 12 நிற்கும் இழைகளை நடுவில் ட்வீசரால் பிடித்து ஒவ்வொன்றாக எடுங்கள். ஓர் இழை வர மறுத்தால் இழுக்காதீர்கள். அதன் மறுமுனை வெட்டப்படவில்லை, அல்லது வேறொரு இழையை அங்கே வெட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். முனைவரை கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். எல்லாம் எடுத்த பிறகு நிற்கும் இழை நான்கு நான்காக இரண்டு கற்றை மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும். மூன்றும் ஐந்துமாக இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். குறுக்கிழை இன்னும் முழுதாக இருப்பதால் சரிசெய்யவும் பிடிமானம் உண்டு. அதன்பின் இடவலப் பக்கங்களை அதே போல வெட்டினால் 9 சன்னலும் 12 பார் துண்டும் கிடைக்கும். அன்றைக்கே 8 எண் நூலால் பார்களை இரண்டிரண்டு இழையாகப் பிரித்து, எட்டு போடுவது போல நடுவில் இறங்கி ஏறி நெய்துவிடுங்கள். நெய்யாத இழைகளை மடித்து வைத்தால் இடம் மாறும்.

வெட்டு ஓரத்தில் பஞ்சு போல நுனி எட்டிப்பார்த்தால் நெய்து முடித்த பின் நறுக்குங்கள். முன்னாலேயே ஒட்ட நறுக்கினால், நெய்யும்போது துணி அசைந்து நுனி தையலுக்குள் இழுபட்டு வெளியே வந்துவிடும்.

தவறுதலாக வெட்டுப்பட்டால் எது வெட்டுப்பட்டது என்பதைப் பொறுத்து வைத்தியம். சாட்டின் தையல் என்றால் இழைகளை உருவாமல் அப்படியே விட்டு, அந்த பிளாக்கை மட்டும் பிரித்து அதே ஓட்டைகளில் புது நூலால் போடுங்கள். நூல்நுனியை பக்கத்து பிளாக்கின் பின்பக்கத்தில் செருகுங்கள். பாருக்கு வேண்டிய இழை என்றால், அதே துணியின் ஓரத்திலிருந்து ஓர் இரட்டை இழையை உருவி டேபஸ்ட்ரி ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். சதுரத்துக்கு 1.5 செ.மீ. வெளியே தொடங்கி, அறுந்த இழை போன அதே மேல்கீழ் வழியில் நுழைத்து, சதுரத்தைத் தாண்டி மறுபக்கமும் 1.5 செ.மீ. நெய்யுங்கள். பழைய துண்டை இதற்குப் பிறகு உருவினால் போதும், அதுவரை வழிகாட்ட அது இருக்கட்டும். பார் நெய்ததும் சதுரத்துக்குள் ஒட்டுப்போட்டது தெரியாது. வெளியே துணியில் மட்டும் கொஞ்ச தூரம் இழை தடித்துத் தெரியும், ஒரு முறை துவைத்து இஸ்திரி போட்டால் அதுவும் பெரும்பாலும் அமுங்கிவிடும்.