இன், இன், இன்: ஆய்வேட்டு வாக்கியக் கேள்வி பதில்

"காவிரி டெல்டாவின் குறுவை நெல் சாகுபடியின் பரப்பின் குறைவின் மீதான மேட்டூர் அணையின் திறப்பின் தாமதத்தின் தாக்கத்தின் ஆய்வு. நெறியாளருக்கு மூச்சு வாங்குகிறதாம். எங்கே வெட்டுவது?"

வெட்டாதீர்கள். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஆய்வு, தாக்கம், தாமதம், திறப்பு, குறைவு எல்லாம் பெயர் வேஷம் கட்டிய வினைகள். ஒவ்வொன்றிடமும் 'எது, எதை?' என்று கேளுங்கள். திறப்பது அணையை. தாமதமாவது அந்தத் திறப்பு. குறைவது பரப்பு. 'தாக்கம்' வேண்டியதில்லை, 'ஆல்' அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

"மேட்டூர் அணையைத் தாமதமாகத் திறந்ததால் காவிரி டெல்டாவில் குறுவை நெல் பரப்பு எவ்வளவு குறைந்தது என்று இந்த ஆய்வு பார்க்கிறது."

டெல்டாவின் என்பது டெல்டாவில் ஆகிவிட்டது. இடத்தைச் சொல்ல உடைமை எதற்கு? அப்புறம், வினையாக்கியதும் இரண்டு ஓட்டைகள் தெரியும். எதை வைத்துத் தாமதம்? வழக்கமான ஜூன் 12-ஐ வைத்து என்றால் அதை எழுதுங்கள். குறைந்தது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் 'குறைந்ததா' என்று கேளுங்கள்.

தலைப்புக்கு வாக்கியம் ஒத்துவராது. "மேட்டூர் அணைத் திறப்பும் குறுவைப் பரப்பும்" போதும்.

"நான் எல்லா இன்னையும் எடுத்துவிட்டேன்: குறுவைச் சாகுபடிப் பரப்பளவுக் குறைப்புக் காரணி ஆய்வு. சரிதானே?"

சங்கிலியைக் கழற்றி மூட்டை கட்டியிருக்கிறீர்கள். அதோடு 'குறைவு' நடுவில் 'குறைப்பு' ஆகிவிட்டது. யாரோ வேண்டுமென்றே குறைத்தார்கள் என்று பொருள் மாறுகிறது.

"எங்கள் துறை கல்வியியல். 'ஆசிரியர்களின் மதிப்பீடு' என்று ஒரே ஒரு இன்தான். அதற்குமா?"

அதற்குத்தான் முதலில். ஆசிரியர்கள் மதிப்பிட்டார்களா, மாணவர்கள் அவர்களை மதிப்பிட்டார்களா? ஒருமுறை நானாக ஊகித்துத் திருத்தி, ஓர் அத்தியாயத்தையே தலைகீழாக்கினேன். இப்போதெல்லாம் எழுதியவரைக் கேட்காமல் இதைத் தொடுவதில்லை.

"இன்னுக்குப் பதிலாக 'தொடர்பான', 'குறித்த' போட்டால்? வறட்சி தொடர்பான அரசுத் திட்டங்கள் குறித்த விவசாயிகளின் கருத்துகள்."

சட்டை மாறியது, ஆள் அதேதான். "வறட்சிக்காக அரசு கொண்டுவந்த திட்டங்களைப் பற்றி விவசாயிகள் என்ன நினைக்கிறார்கள்."

"ஒரு வாக்கியத்தில் அதிகபட்சம் எத்தனை இன் இருக்கலாம்?"

விதி கிடையாது. இரண்டு தாண்டினால் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன்.

"எங்கே வெட்டுவது?"

மேலே முதல் பதில்.

"இன் ஐந்தாம் வேற்றுமை உருபு. ஆறாவதற்கு 'அது'. நன்னூல் படிக்காமல் திருத்த வந்துவிட்டீர்களே!"

படித்திருக்கிறேன் ஐயா. ஆனால் 'அணையினது' என்று எழுதினால் முடிச்சு இன்னும் நீளும். இன் சாரியையாகவும் வரும் என்று அதே நன்னூல் சொல்கிறதே.

"சாரியை என்றால் உருபு தொக்கி நிற்கிறது என்றுதானே பொருள்? அப்போது நான் சொன்னதுதான் சரி."

இலக்கணத்தில் பாதி உங்கள் பக்கம். ஆனால் அணையைத் திறந்தார்கள் என்னும்போது அணை செயப்படுபொருள். 'அணையின் திறப்பு' எந்த வேற்றுமைப் பொருள் என்று நீங்களே சொல்லுங்கள்.

"அதை யோசித்துவிட்டு வருகிறேன்."