மாரடைப்புக்குப் பிறகு மனம் சோர்ந்து கிடந்தால்

"கணவருக்கு 54 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம். கிளினிக்கில் எல்லாம் நல்லம் என்கிறார்கள். ஆனால் இவர் கடைப்பக்கம் போவதில்லை. பகலெல்லாம் படுக்கை, விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி பிரஷர் பார்க்கிறார். கேட்டால் 'ஒன்றுமில்லை' என்கிறார். நாங்கள் என்ன செய்ய வேணும்?"
— வாசகி, உவர்மலை

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. மருந்தை ஒழுங்காக எடுப்பது, நடப்பது எல்லாம் அதனால் தடைப்படும் என்பதால் இதயத்துக்கும் அது கெடுதல்தான்.

முதலில் பகல் படுக்கையைப் பார்ப்போம். "மனம் தெளிந்ததும் எழும்புவார்" என்று வீட்டார் காத்திருப்பார்கள். மனச்சோர்வில் நடப்பது இதற்கு நேர் எதிர். உடம்பு அசைந்த பிறகுதான் மனம் மெல்ல அசையும். அதனால் விருப்பம் வந்ததும் செய்யலாம் என்று விடாமல், நேரம் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். இரவு எப்படிப் போனாலும் காலை ஆறு மணிக்கு எழும்ப வேண்டும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். பகலில் தூங்கித் தீர்த்தால் விடிய மூன்று மணிக்கு விழிப்பு வருவது அதிசயமில்லை.

நடை அடுத்தது. டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தால், வெயில் ஏறுமுன் சமதரையில் பத்து நிமிடம் போதும். உவர்மலையில் படலையைத் திறந்தாலே ஏற்றம். அதனால் ஓட்டோவில் டச் பே கடற்கரைக்கு இறங்கி அங்கே நடப்பது நல்லது. கதைத்துக்கொண்டே நடக்க முடிய வேண்டும், வசனம் பாதியில் அறுந்தால் வேகம் கூடிவிட்டது. மறுநாள் அசதி இல்லையென்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். நல்ல நாளொன்று வந்ததும் கோணேஸ்வரத்துக்கு ஏறிவிட்டு மூன்று நாள் படுப்பவர்கள் உண்டு, பிறகு பயம் இரட்டிப்பாகும். கடைக்கும் இப்படித்தான்: முதல் வாரம் அரை மணி நேரம் கல்லாவில் இருந்தால் போதும், சாமான் தூக்க வேண்டாம்.

பிரஷர் மெஷினை அலுமாரியில் வையுங்கள். அடிக்கடி பார்ப்பது பயத்தைத் தணிப்பதுபோலத் தெரியும், ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லும். டொக்டர் சொன்ன நேரத்தில் மட்டும் பார்த்தால் போதும். உண்மையான ஆபத்து எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் மற்ற வலிகளுக்குப் பதற வேண்டியதில்லை. நெஞ்சை அழுத்தும் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சிரைப்பு வந்தால் உடனே உட்கார வைத்து, நாக்கின் கீழ் வைக்கும் குளிசை தந்திருந்தால் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். இரண்டு செக்கன் சுருக்கென்று குத்தி மறைவது பெரும்பாலும் இதயமல்ல.

அப்புறம், "ஒன்றுமில்லை" என்ற பதில். நாளுக்குப் பத்துத்தரம் "நெஞ்சு எப்படி?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அந்தக் கேள்வியை விடுங்கள். பின்னேரம் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து, "மூன்று மணிக்கு எழும்பினால் என்ன யோசனை வருகுது?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்கடனோ, மகளின் படிப்போ, திரும்ப வந்துவிடுமோ என்ற பயமோ வெளியே வரலாம். "யோசிக்காதீங்கோ" என்று உடனே மூடிவிடாதீர்கள். கடன்தான் கவலை என்றால் கணக்குக் கொப்பியை இருவருமாகத் திறந்து பார்ப்பது எந்த ஆறுதலையும்விட உதவும். மேசைத் தண்ணீரையும் நீங்களே எடுத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். அவரால் எதுவும் முடியாது என்றுதான் அது அவருக்குச் சொல்கிறது.

எவ்வளவு நாள் இப்படிப் பார்ப்பது? பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி சோர்வு அல்லது எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரம் நீடித்தால் டொக்டரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த எல்லை தாண்டிவிட்டது. அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் திருகோணமலை பொது வைத்தியசாலையில் காட்டுங்கள். தூக்கம், சாப்பாடு, படுத்திருந்த நேரம் மூன்றையும் ஒரு வாரம் கொப்பியில் குறித்துக் கொண்டுபோனால் டொக்டருக்கு உதவும். இரத்தச்சோகையும் தைரொயிட் குறையும் இதே சோர்வைத் தரும், அவற்றுக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. இதயத்துடிப்பைக் குறைக்கும் குளிசையும் சிலருக்கு அசதி தரும். அதற்காக எந்தக் குளிசையையும் தானாக நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் அடைபடாமல் காக்கும் குளிசையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இதய நோயாளிக்குப் பொருத்தமான மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. அவை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலவேளை அதற்கு மேலும் பிடிக்கும். முதல் வாரத்திலேயே "சரிவரவில்லை" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு.

"நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லம்" என்பதுபோல அவர் ஏதும் சொன்னால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல், குளிசைகளை உங்கள் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். இரவானாலும் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தில் தமிழில் கதைக்கலாம்.